பண்பாட்டுக்குப் பண்பாடு அறம் மாறுகிறது, அதனால் அறமே சார்புடையதுதான் என்று சொல்லிவிடலாமா?

கயல்மொழி (இழையைத் தொடங்கியவர்)

பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்று நூலின் மூன்றாம் புத்தகத்தில் வரும் ஒரு கதை ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. பாரசீக மன்னர் டேரியஸ் தன் அவையில் இருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்துபோன உங்கள் தகப்பனாரைத் தின்பீர்கள் என்று கேட்கிறார். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்கிறார்கள். அப்புறம் கல்லாத்தியர் என்ற இந்திய மக்களை வரவழைக்கிறார். பெற்றோர் இறந்தால் உடலைத் தின்பது அவர்கள் வழக்கம் என்கிறார் ஹெரோடோட்டஸ். கிரேக்கர்களும் அங்கேயே நின்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டுக்கொண்டிருக்க, எவ்வளவு கொடுத்தால் தகப்பனாரை எரிப்பீர்கள் என்று இவர்களிடம் கேட்கிறார். அவர்கள் அலறிவிடுகிறார்கள். இப்படியெல்லாம் வாயால்கூடச் சொல்லாதீர்கள் என்கிறார்கள்.

இதைப் படித்தபின் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒருவருக்குப் புனிதமானது இன்னொருவருக்குக் கொடூரம். இரண்டு பேருமே மனதார நம்புகிறார்கள். வெளியே நின்று யார் சரி என்று சொல்ல ஓர் இடம் இல்லை. ஆகவே சரி, தவறு என்பதெல்லாம் அந்தந்தப் பண்பாட்டுக்குள் மட்டும்தான். இதில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள். உண்மையாகவே கேட்கிறேன்.

முத்துவேல்

ஓட்டை உங்கள் கதையிலேயே இருக்கிறது. இரண்டு பேரும் என்ன செய்ய முயல்கிறார்கள்? இறந்த தகப்பனாருக்கு மரியாதை செய்ய முயல்கிறார்கள். கிரேக்கர் எரித்து மரியாதை செய்கிறார், கல்லாத்தியர் தின்று மரியாதை செய்கிறார். மேலே தெரியும் சடங்குதான் வேறு, அடியில் இருக்கும் அறம் ஒன்று. அதைவிட, எவ்வளவு பணம் என்ற கேள்விக்கு இரண்டு பேரின் பதிலும் ஒன்றே. தகப்பன் உடல் விலைக்கு இல்லை. ஆக, உலகம் முழுக்க அறம் ஒன்றுதான் என்று இந்தக் கதையே நிரூபிக்கிறது.

இளங்கதிர்

முத்துவேல் அண்ணா, அடியில் ஒன்று, அடியில் ஒன்று என்று தோண்டிக்கொண்டே போனால் எல்லாமே ஒன்றாகத்தான் தெரியும். நல்லதைச் செய், கெட்டதைச் செய்யாதே என்பதில்கூட உலகமே உடன்படும். அதனால் என்ன பயன்? உடலை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த அடியில் இருக்கும் அறம் பதில் சொல்வதில்லை. சண்டை வருவதே அங்கேதான்.

மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி 1977-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மக்கள் ஒருதார மணம் சரி என்று நம்புவதால் அப்படி வாழவில்லை, அப்படி வாழ்வதால்தான் அது சரி என்று நம்புகிறார்கள். வாழ்முறை முதலில், அறம் பிறகு. அறிவியலிலும் கருத்து வேறுபாடு உண்டே என்பவர்களுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. அங்கே வேறுபாடு வருவது ஆதாரம் போதாமல் ஊகிப்பதால். அறத்தில் அப்படி இல்லை. ஆகவே சார்புவாதம்தான் சரி. கயல்மொழி சொன்னதில் தவறே இல்லை.

அரங்கநாதன்

பல ஆண்டுகளாக மெய்யியல் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதிர், மேக்கியைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கால்வாசி சரி. கடைசி வரி சரியில்லை. அவர் சார்புவாதி இல்லை. பண்பாடுகள் முரண்படுவதை வைத்து அவர் வந்து சேர்ந்த முடிவு வேறு. புறத்தே இருக்கும் அறம் என்று ஒன்று கிடையாது, அது இருப்பதாக நினைத்துப் பேசும் எல்லோருமே தவறு செய்கிறார்கள் என்பது அவர் முடிவு. கிரேக்கருக்கு எரிப்பது சரி, கல்லாத்தியருக்குத் தின்பது சரி என்று அவர் சொல்லவில்லை. இருவர் பேச்சும் இல்லாத ஒன்றைப் பற்றிய பேச்சு என்கிறார்.

கயல்மொழி, உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. முரண்பாடு என்ற ஒரே வாசலிலிருந்து மூன்று வழிகள் போகின்றன. இருவரில் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று இருக்கலாம். இருவரும் அவரவர் அளவில் சரியாக இருக்கலாம். இருவருமே தவறாகவும் இருக்கலாம். முரண்பாடு இருக்கிறது என்ற செய்தி இந்த மூன்றில் எதையும் தேர்ந்து கொடுக்காது. நீங்கள் நடு வழியில் போனீர்கள், மேக்கி மூன்றாவதில் போனார். நீங்கள் இருவரும் கையில் வைத்திருந்த ஆதாரம் ஒன்றுதான். அந்த வழியை உங்களுக்குத் தேர்ந்து கொடுத்தது அந்த ஆதாரம் இல்லை, வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அது, வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல இடமில்லை என்ற உங்கள் வரிதான். அந்த வரி கதையில் இல்லை. அது நீங்கள் கொண்டுவந்தது. அதற்குத் தனியாக வாதம் வேண்டும்.

முத்துவேலுக்கும் இதே பதில்தான். எல்லோரும் ஒன்றில் உடன்பட்டாலும் அது உண்மை என்று ஆகிவிடாது. அடிமைமுறை இயல்பானது என்று மிகப் பல சமூகங்கள் ஒரே குரலில் நினைத்த காலம் உண்டு. உடன்பாடு பொது அறத்தை நிரூபிக்காது, முரண்பாடு அதை உடைக்காது. தலையை எண்ணும் வேலை இரண்டு பக்கமும் செல்லாது.

கயல்மொழி

இருவரும் அவரவர் அளவில் சரி என்பது ஏன் மற்ற இரண்டையும்விட எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அதில்தான் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை என்பதாலோ?

தமிழ்வாணி

அதில் என்ன தப்பு? அடுத்தவர் பண்பாட்டைக் கேவலமாகப் பார்க்கக் கூடாது. காலம் காலமாக வலியவர்கள் எளியவர்களின் வழக்கங்களைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லித்தான் நிலத்தைப் பிடுங்கினார்கள், மொழியை அழித்தார்கள். பொது அறம் என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்கு அந்தப் பயம் வந்துவிடுகிறது. மன்னியுங்கள், இங்கே இதை ஏதோ புதிர் மாதிரிப் பேசுகிறீர்கள். உயிர் போன விஷயம் இது.

அரங்கநாதன்

வாணி அம்மா, பயம் நியாயமானது. 1947-இல் அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் செயற்குழு ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் அதை எழுதுவதில் முன்னின்றார். நீங்கள் சொன்ன அதே வரலாறுதான் அவர்கள் கவலையும். ஒரு பண்பாட்டின் அளவுகோலை எல்லோர் மேலும் சுமத்தாதீர்கள் என்றார்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். அடுத்தவர் பண்பாட்டைக் கேவலமாகப் பார்க்கக் கூடாது என்கிறீர்கள். யாருக்குக் கூடாது? நமக்கு மட்டுமா, எல்லோருக்குமா? நிலத்தைப் பிடுங்கியவர்களின் பண்பாட்டில் பிடுங்குவது பெருமை. அறம் பண்பாட்டுக்குள் மட்டும்தான் என்றால் அவர்கள் செய்தது அவர்களுக்குச் சரி என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள், சொல்லவும் கூடாது. உங்கள் கோபம் எல்லைகளைத் தாண்டி எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நியாயத்தின் மேல் நிற்கிறது. அந்த 1947 அறிக்கைக்கும் இதே சிக்கல் இருந்தது என்று அப்போதே மானுடவியலாளர்கள் சிலர் எழுதினார்கள். 1999-இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துப் புதிய அறிவிப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது.

ஹெரோடோட்டஸே இதற்குச் சாட்சி. டேரியஸ் கதையை அவர் சொல்வது பண்பாடுகளின் வேற்றுமையைக் காட்டுவதற்காக மட்டும் இல்லை. அதற்கு முன்னால் காம்பைசிஸ் மன்னர் எகிப்தியரின் கோயில்களையும் சடங்குகளையும் கேலி செய்ததைச் சொல்கிறார். அப்படிச் செய்ய ஒருவனுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும் என்கிறார். அதை விளக்கத்தான் டேரியஸ் கதை. காம்பைசிஸின் செயல் பாரசீக வழக்கத்துக்குச் சரியா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. நேரடியாகத் தீர்ப்புச் சொல்கிறார். சார்புவாதத்துக்கு எல்லோரும் காட்டும் கதை ஒரு தீர்ப்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்வாணி

சரி, அந்த இடம் ஏற்கிறேன். ஆனால் பொது அறம் என்று ஒன்று இருந்தாலும், அது என்ன என்று சொல்லும் மைக் எப்போதும் வலியவன் கையில்தான் இருக்கும். அந்தப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இளங்கதிர்

அரங்கநாதன் சார், மேக்கி பற்றிய திருத்தம் சரிதான், நன்றி. ஆனால் உங்கள் மூன்று வழி வாதம் ஓரளவுதான் போகும். முரண்பாடு எதையும் நிரூபிக்காது என்பது உண்மை. ஆனால் எது சிறந்த விளக்கம் என்று கேட்கலாமே? நூற்றாண்டுக் கணக்கில் பேசியும் தீராத சண்டைக்கு, கண்டுபிடிக்க அங்கே எதுவும் இல்லை என்பது நல்ல விளக்கம்தானே?

அரங்கநாதன்

இதுதான் சரியான கேள்வி. நிரூபணம் இல்லை, ஆதாரம் என்ற அளவில் முரண்பாட்டுக்கு எடை உண்டு. எவ்வளவு எடை என்பது எந்த வகை முரண்பாடு என்பதைப் பொறுத்தது. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது.

கார்ல் டங்கர் என்ற உளவியலாளர் 1939-இல் ஒரு கட்டுரை எழுதினார். வட்டியை எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் வட்டி வாங்குவது பாவம், பிற்காலத்தில் அது சாதாரணம். அறம் மாறிவிட்டதா? கடன் என்ற செயலே மாறிவிட்டது என்கிறார். பசித்தவன் அன்றாடத் தேவைக்கு வாங்கும் கடனில் வட்டி கேட்பது அடுத்தவன் துயரத்தில் லாபம் பார்ப்பது. தொழில் செய்பவன் லாபம் பார்க்க வாங்கும் கடனில் வட்டி கேட்பது லாபத்தில் பங்கு கேட்பது. பெயர் ஒன்று, செயல் இரண்டு. இதைப் பார்த்து ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்பு என்று சொன்னால் நாம் ஏமாந்துவிட்டோம் என்று பொருள்.

ஆக, சோதனை இதுதான். இரண்டு தரப்பும் அந்தச் செயலைப் பற்றி ஒரே தகவல்களை நம்புகின்றனவா? சாவுக்குப் பின் என்ன ஆகிறது, உடல் என்பது என்ன, அந்தச் செயலால் யாருக்கு என்ன நேர்கிறது? இவற்றில் வேறுபாடு இருந்தால் அது முதலில் தகவல் சண்டை. கல்லாத்தியர் என்ன நம்பினார்கள் என்று ஹெரோடோட்டஸ் சொல்லவே இல்லை. ஆகவே அந்தக் கதையை வைத்து அடிமட்டம் வரை போகும் முரண்பாடு என்றும் சொல்ல முடியாது, முத்துவேல் சொன்னதுபோல அடியில் ஒன்று என்றும் சொல்ல முடியாது. நமக்குத் தேவை, தகவல்கள் அனைத்தும் ஒன்றாக இருந்தும் தீர்ப்பு மட்டும் வேறாக இருக்கும் வழக்கு.

அப்படி ஒன்றைத் தேடி ஒருவர் நேரில் போனார். ரிச்சர்ட் பிராண்ட், மெய்யியலாளர். அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்களிடம் போய் விசாரித்து 1954-இல் எழுதினார். அங்கே குழந்தைகள் பறவைகளைப் பிடித்துக் கயிற்றில் கட்டி விளையாடுவார்கள். முரட்டு விளையாட்டு. பறவைகள் அதிக நாள் பிழைப்பதில்லை. பெரியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிராண்டுக்கு இது கொடுமையாகப் பட்டது. உடனே அவர் தீர்ப்புக்குப் போகவில்லை, தகவல் வேறுபாட்டைத் தேடினார். பறவைக்கு வலிக்காது என்று நினைக்கிறார்களோ? இல்லை, வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மறுமையில் பறவைக்கு ஈடு கிடைக்கும் என்று நம்புகிறார்களோ? அப்படியும் இல்லை. வேறுபாட்டை விளக்கும் எந்த நம்பிக்கையும் அவருக்கு அகப்படவில்லை. மிருகத்தின் வலிக்கு எவ்வளவு எடை என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது போலும் என்று முடித்தார்.

நான் பொது அறத்தின் பக்கம் சாய்ந்தவன். அப்படியும் சொல்கிறேன், எனக்குத் தெரிந்து என் பக்கத்துக்கு மிகவும் தொல்லை தரும் வழக்கு இதுதான். டேரியஸ் கதையைவிடப் பல மடங்கு.

இளங்கதிர்

அப்படியென்றால் நான் சொன்னதுதானே?

அரங்கநாதன்

அவசரப்படாதீர்கள். மிஷல் மூடி-ஆடம்ஸ் என்ற மெய்யியலாளர் 1997-இல் பிராண்டின் முறையையே கேள்வி கேட்டார். இரண்டு தரப்பும் ஒரே செயலைத்தான் தீர்ப்பிடுகின்றன என்று உறுதிசெய்வது எவ்வளவு கடினம், விசாரித்தவரின் வலைக்கு வெளியே எவ்வளவு நழுவியிருக்கலாம் என்று காட்டினார். இன்னொன்று, பண்பாடு என்பது ஒரே வாயால் பேசும் ஆள் இல்லை. பிராண்டின் சொந்தச் சமூகத்தில் பொழுதுபோக்குக்காக வேட்டையாடுபவர்கள் இருந்தார்கள். அதைக் கொடுமை என்றவர்களும் அதே சமூகத்தில் இருந்தார்கள். அங்கே கோடு இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் ஓடவில்லை, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஓடுகிறது.

செல்வராணி

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசி வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் கேள்வி இங்கே பொருந்துமா தெரியவில்லை, பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அம்மா இறந்தபோது உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. நான் சொன்னதும் அண்ணன் கத்திவிட்டார். அம்மாவைக் கூறுபோடக் கொடுப்பாயா என்று கேட்டார். நான் அந்தத் தாளைக் காட்டினேன். அம்மாவின் கையெழுத்துதான் என்று ஒத்துக்கொண்டார். யாரும் வற்புறுத்தவில்லை என்பதையும் நம்பினார். ஆவி, மறுபிறவி இதிலெல்லாம் அவருக்கும் எனக்கும் நம்பிக்கை கிடையாது. அப்படியும் அவர் சொன்னது இதுதான்: அம்மா என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், பிள்ளையாக நான் அதைச் செய்யக் கூடாது. எனக்கோ அம்மா கேட்டதைச் செய்யாமல் விடுவதுதான் செய்யக் கூடாதது.

ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே வளர்ப்பு. கடைசியில் உடலைக் கொடுத்தோம். அண்ணன் ஆம்புலன்ஸ் வரை வந்தார், ஏறவில்லை. இப்போதும் பேசிக்கொள்கிறோம், அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. இதில் யார் எந்தப் பண்பாடு?

முத்துவேல்

சகோதரி, வருத்தமாக இருக்கிறது. அம்மாவின் விருப்பத்தை நிறைவேற்றினீர்கள், நீங்கள் செய்தது சரி.

செல்வராணி

நன்றி அண்ணா. ஆனால் நான் சரியா என்று கேட்கவில்லை.

அரங்கநாதன்

அம்மா, உங்கள் கேள்வி இந்த இழையின் நடுவில்தான் இருக்கிறது. நான் மேலே சொன்ன சோதனையை நீங்களே செய்துவிட்டீர்கள். முதலில் இருந்தது தகவல் சண்டை, அண்ணனுக்குத் தாள் பற்றித் தெரியாது. தாளைக் காட்டினீர்கள், அந்தப் பகுதி தீர்ந்தது. மறுமை பற்றிய நம்பிக்கையிலும் வேறுபாடு இல்லை. இவ்வளவும் கழித்தபின் ஒன்று மிஞ்சியது. இறந்தவரின் சொல்லுக்கு எடை அதிகமா, உடலைப் பேணும் பிள்ளையின் கடமைக்கு எடை அதிகமா என்பது.

இது பண்பாடுகளின் முரண்பாடு இல்லை. ஆகவே அவரவர் பண்பாட்டுக்கு அவரவர் அறம் என்ற விடை இங்கே ஒரு வேலையும் செய்யாது. இருவருக்கும் பண்பாடு ஒன்று. சார்புவாதம் இதை விளக்க வேண்டுமானால், ஆளுக்கு ஓர் அறம் என்று சுருங்க வேண்டும்.

அப்படிச் சுருங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீங்கள் 'கொடுப்பது சரி' என்றது 'என் அளவுகோலில் கொடுப்பது சரி' என்று பொருள்படும். அண்ணன் 'கொடுப்பது தவறு' என்றது 'என் அளவுகோலில் தவறு' என்று பொருள்படும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். எனக்குத் தலைவலி என்று நீங்கள் சொல்ல, எனக்கு இல்லை என்று அவர் சொல்வதுபோல. அப்படியானால் அன்று உங்களுக்குள் சண்டையே நடக்கவில்லை. கல்லாத்தியரும் கிரேக்கரும் அப்படித்தான், அவரவர் வழக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள், முரண்படவே இல்லை. முரண்பாடு இருக்கிறது என்று தொடங்கிய வாதம், முடியும் இடத்தில் முரண்பாட்டைக் காணாமல் ஆக்கிவிடுகிறது. முரண்பாட்டிலிருந்து சார்புவாதத்துக்குப் போகும் பாதையில் எனக்குத் தெரிந்த பெரிய சிக்கல் இது.

இளங்கதிர்

சார், இதற்குப் பதில் உண்டு. பேச்சின் பொருளில் முரண்பாடு இல்லாவிட்டாலும், என்ன செய்வது என்பதில் முரண்பாடு இருக்கிறது. உடலை ஒரே நேரத்தில் கொடுக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. செல்வராணி அக்காவின் வீட்டில் நடந்த சண்டை அதுதான். யார் சொன்னது உண்மை என்பது இல்லை, யார் நினைத்தது நடக்கும் என்பது. சார்புவாதி அதைத் தாராளமாக ஒத்துக்கொள்ளலாம்.

அரங்கநாதன்

நல்ல பதில், இப்போது இருக்கும் சார்புவாதிகள் சிலர் இந்தப் பாதையில்தான் போகிறார்கள். என்ன செய்வது என்ற சண்டையாக மட்டும் பார்த்தால் டேரியஸ் அவையில் சண்டை இல்லை என்று ஆகும். இவர்கள் தகப்பன் வேறு, அவர்கள் தகப்பன் வேறு. யாருக்கும் யாரும் தடை இல்லை. ஆனாலும் கல்லாத்தியர் அலறினார்களே.

இளங்கதிர்

அவர்களிடம் எரிக்கச் சொன்னதால் அலறினார்கள். கிரேக்கர்கள் எரிப்பதைக் கேட்டு அலறவில்லை.

அரங்கநாதன்

உண்மைதான். கதையைக் கூர்மையாகப் படித்திருக்கிறீர்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. கிரேக்கர்கள் எரிப்பதைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கதையில் இல்லை. அந்த எடுத்துக்காட்டைத் திரும்பப் பெறுகிறேன், வாதத்தை இல்லை. ஒரு வழக்கம் நம்மைத் தொடாத இடத்திலும், காலத்தால் வெகு தொலைவில் நடந்திருந்தாலும் அது தவறு என்கிறோம். அங்கே என்ன செய்வது என்ற கேள்வியே இல்லை. வாணி அம்மா சொன்ன நிலம் பிடுங்கிய கதை அப்படித்தான்.

செல்வராணி

கதிர் தம்பி, எங்கள் வீட்டில் யார் நினைத்தது நடக்கும் என்ற சண்டை ஒரு நாள்தான். உடல் போய்விட்டது, முடிந்தது. அப்புறம் இத்தனை வருஷம் நாங்கள் பேசாமல் இருப்பது அதைப் பற்றி இல்லை. நான் தவறு செய்தேன் என்று அவர் நினைக்கிறார். அவர் அப்படி நினைப்பது எனக்கு வலிக்கிறது. அவருக்கு அது அவர் அளவில் தவறு என்று மட்டும் இருந்திருந்தால் எனக்கு ஏன் வலிக்க வேண்டும்?

இளங்கதிர்

இதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை அக்கா. யோசித்துவிட்டு வருகிறேன். ஆனால் ஹோப்பிப் பறவை வழக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு சார் முழுப் பதில் சொல்லவில்லை.

அரங்கநாதன்

சொல்லவில்லைதான். பறவையின் வலிக்கு இவ்வளவு எடை என்று எந்தக் கேள்வி கேட்டால் இருவரும் ஒத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரிந்தால் முதலில் இங்கேதான் எழுதுவேன். அந்தக் குழந்தைகளில் ஒன்று கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தால், ஏன் என்று அதனிடம் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

கயல்மொழி

நான் தொடங்கும்போது கதை எனக்குப் பதிலாகத் தெரிந்தது. இப்போது கதையில் எது இல்லை என்பதுதான் தெரிகிறது. கல்லாத்தியர் ஏன் தின்றார்கள் என்று டேரியஸ் கேட்கவே இல்லை. எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டார். செல்வராணி அக்கா, நீங்கள் அண்ணனிடம் ஏன் என்று கேட்டீர்களா?

செல்வராணி

அன்று கேட்கவில்லை. தாளைத்தான் காட்டினேன்.